வாடகையை வருமானத்தை வைத்துப் பிரிக்கலாமா?

கேள்வி: எங்களுடையது சின்ன அச்சு நிறுவனம். அச்சு, வடிவமைப்பு, எழுதுபொருள் விற்பனை என்று மூன்று பிரிவுகள், எல்லாம் ஒரே கட்டடத்தில். வாடகை, மின்கட்டணம் இரண்டையும் பிரிவுகளின் வருமான விகிதத்தில் பிரித்துப் போடுகிறோம். வடிவமைப்புப் பிரிவு மாதம் 14,000 நஷ்டம் காட்டுகிறது. “நாலு பேர் உட்காரும் அறைக்கு இவ்வளவு வாடகையா?” என்று அதன் பொறுப்பாளர் சண்டை போடுகிறார். எப்படிப் பிரித்தால் நியாயம்? அந்தப் பிரிவை மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள். நீங்கள் அனுப்பிய கணக்கை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்த நஷ்டத்தை உண்டாக்கியது நீங்கள் பிரித்த விதம்.

வாடகை எதற்குக் கொடுக்கிறோம்? இடத்துக்கு. அதிகம் சம்பாதித்த பிரிவு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதில்லை. வருமானத்தை வைத்துப் பிரித்தால் நன்றாக ஓடும் பிரிவு அடுத்தவரின் வாடகையையும் சேர்த்துச் சுமக்கும். “யாரால் தாங்க முடியுமோ அவர்கள் தலையில் போடு” என்கிற இந்தப் பழக்கத்தை எத்தனையோ கணக்குப் புத்தகங்களில் பார்த்துவிட்டேன். கணக்கு மென்பொருளில் யாரோ ஒரு நாள் மூன்று சதவீதங்களைப் போட்டு வைப்பார்கள், அப்புறம் ஆண்டுக்கணக்கில் அதை யாரும் தொடுவதே இல்லை. அந்தச் சதவீதத்தை நம்பி ஆட்களை வேலையைவிட்டு அனுப்புகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் வாடகை. மாதம் 90,000. உங்கள் முறைப்படி வருமானத்தில் 35 சதவீதம் தரும் வடிவமைப்பு அதில் 31,500 சுமக்கிறது. இப்போது ஒரு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். அச்சுக்கூடம் 1,800 சதுர அடி, வடிவமைப்பு 300, விற்பனை 600, நீங்களும் கணக்கரும் இருக்கும் அலுவலகம் 300. மொத்தம் 3,000. அப்படியானால் சதுர அடிக்கு 30. அச்சுக்கு 54,000, வடிவமைப்புக்கு 9,000, விற்பனைக்கு 18,000, அலுவலகத்துக்கு 9,000.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வாடகை ஒப்பந்தத்தில் உள்ள சதுர அடியை அப்படியே எடுக்காதீர்கள். அதில் சுவர், மாடிப்படி, பொது நடைபாதை, சில சமயம் வண்டி நிறுத்துமிடம்கூடச் சேர்ந்திருக்கும். அந்த எண் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு வாடகை பேசலாம் என்பது தரகருக்குத் தெரியும். நான் கணக்குப் பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் இருந்த அளவுக்கும் உள்ளே மேசை போடக்கூடிய இடத்துக்கும் கால்வாசி வித்தியாசம். அந்த மிச்சத்தை யார் கணக்கில் எழுதுவது என்று மூன்று மாதம் சண்டை நடந்தது. பிரிவுகள் உண்மையில் பயன்படுத்தும் இடத்தை மட்டும் அளந்து, மொத்த வாடகையை அந்த அளவால் வகுத்துவிடுங்கள். நடைபாதை அதிலேயே தானாகப் பங்காகிவிடும். அளக்கும்போது வெவ்வேறு இரண்டு பிரிவுகளிலிருந்து ஒவ்வொருவர் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கட்டும். பிறகு அளவு தப்பு என்று யாரும் வர மாட்டார்கள்.

சரி, மின்சாரத்துக்கு வருவோம். உங்கள் பில் 50,000. அதில் ஓடிய யூனிட்டுக்கான தொகை 40,000, மாதாமாதம் வரும் நிலைக்கட்டணம் 10,000. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. பில்லைப் பார்த்தவுடன் இது புரிந்துவிட வேண்டும். ஆனால் பத்து வரிகளில் பொடி எழுத்தில் சுருக்கெழுத்துகளாக அச்சடித்துத் தருகிறார்கள், பணம் கட்டுகிறவருக்கே எது எதற்கு என்று தெரிவதில்லை. பொறுமையாகத் தேடுங்கள். ஒவ்வொரு மாதமும் கிலோவாட்டை வைத்து ஒரே மாதிரி வரும் தொகைதான் நிலைக்கட்டணம்.

யூனிட்டைப் பிரிக்க, ஒவ்வொரு கருவியின் கிலோவாட்டையும் அது ஓடும் மணிநேரத்தையும் பெருக்க வேண்டும். உங்கள் கணக்கர் அப்படிப் போட்டுத்தான் மொத்தம் 5,300 யூனிட் என்று வந்திருக்கிறது. பில்லில் இருப்பது 4,000. இவ்வளவு இடைவெளி விழுந்தால் மதிப்பீட்டில் எங்கோ பெரிய பிசகு இருக்கிறது என்று பொருள். அதை விகிதப்படி சுருக்கி மறைக்காதீர்கள், எங்கே என்று தேடுங்கள்.

நான் தேடியதில் பெரிய அச்சு இயந்திரத்தில் அகப்பட்டது. அதன் மேல் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் 12 கிலோவாட் என்று இருக்கிறது. கணக்கர் 8 மணி நேரம், 25 நாள் என்று பெருக்கி 2,400 யூனிட் போட்டிருக்கிறார். ஆனால் தகட்டில் இருப்பது முழு வேகத்துக்கான எண். 8 மணி நேர வேலையில் தாள் ஏற்றுவது, மை கழுவுவது, அச்சுத் தகடு மாற்றுவது எல்லாம் போக இயந்திரம் ஓடுவது சுமார் 5 மணி நேரம் என்று உங்கள் வேலைப் பதிவேடே சொல்கிறது. இதை ஊகத்தில் விடாமல் சோதித்துப் பார்க்கலாம். விடுமுறை நாளில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் உண்மையாகவே அச்சடித்து, முதன்மை மீட்டரின் எண்ணை உங்கள் ஆட்கள் முன்னும் பின்னும் குறித்தார்கள். 9.6 யூனிட் ஓடியிருந்தது. அதை 5 மணி, 25 நாளால் பெருக்கினால் 1,200 யூனிட். கணக்கர் போட்டதில் சரிபாதி.

சின்னக் கருவிகளுக்கு மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கு போதும். மீட்டரின் முகத்தில் 1600 imp/kWh என்பதுபோல ஓர் எண் இருக்கும். அத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட். கணினிகளை மட்டும் ஓடவிட்டு 10 நிமிடத்தில் 160 சிமிட்டு எண்ணினால் 0.1 யூனிட், அதாவது மணிக்கு 0.6 யூனிட். மேசைக்கு மேசை துணை மீட்டர் விற்க வருகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். பெரிய இயந்திரம் இருக்கிற வரிசைக்கு ஒரு துணை மீட்டர் வைத்தால் பயன் உண்டு. மற்றவற்றுக்கு வைத்தால் அவருக்குத்தான் பயன்.

திருத்திய பிறகு அச்சு 2,600, வடிவமைப்பு 800, விற்பனை 400, அலுவலகம் 300, மொத்தம் 4,100 யூனிட். பில்லோடு 100 யூனிட்தான் வித்தியாசம், இந்த அளவை விகிதப்படி சுருக்கிக்கொள்ளலாம். 40,000-ஐ இந்த விகிதத்தில் பிரித்து நூறாக முழுமையாக்கினால் அச்சுக்கு 25,400, வடிவமைப்புக்கு 7,800, விற்பனைக்கு 3,900, அலுவலகத்துக்கு 2,900.

நிலைக்கட்டணத்தைத் தனியாக வைக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். அந்த 10,000 நீங்கள் ஓட்டிய மின்சாரத்துக்கு இல்லை. “எங்களுக்கு 40 கிலோவாட் வரை எப்போதும் தயாராக வையுங்கள்” என்று கேட்டு வாங்கியதற்கான கட்டணம் அது. ஒரு யூனிட்கூட ஓட்டாத மாதத்திலும் வரும். அந்த 40-இல் அச்சுக்காகக் கேட்டது 28, வடிவமைப்புக்கு 6, விற்பனைக்கு 4, அலுவலகத்துக்கு 2. ஆகவே கேட்டவர் கேட்ட அளவுக்கு ஏற்கட்டும். 7,000, 1,500, 1,000, 500 என்று வரும். யூனிட்டை வைத்தே இதையும் பிரித்தால் என்ன ஆகும்? வேலை இல்லாத மாதத்தில் அச்சு 400 யூனிட்தான் ஓட்டுகிறது, மற்றவர்கள் வழக்கம்போல ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,900 யூனிட், அதில் வடிவமைப்பு 800. நிலைக்கட்டணத்தில் 4,200 அவர்கள் தலையில் விழும். அவர்கள் ஒன்றுமே கூடுதலாகச் செய்யவில்லை, அடுத்த அறையில் இயந்திரம் சும்மா நின்றதுதான் குற்றம். இயந்திரம் நின்றாலும் அதற்காக வாங்கி வைத்த மின்பளுவின் செலவு அச்சுப் பிரிவுடையதே. பெரிய இயந்திரம் ஒன்றை விற்றுவிட்டால் மின்பளுவைக் குறைக்க விண்ணப்பம் கொடுங்கள். யாரும் தானாக வந்து குறைத்துத் தரப்போவதில்லை.

மிச்சம் அலுவலகத்தின் 12,400. உங்கள் அலுவலகம் பெரும்பாலும் சம்பளம், வருகை, விடுப்பு வேலையையே பார்க்கிறது, அதனால் ஆள் கணக்கில் பிரியுங்கள். அச்சில் 8 பேர், மற்ற இரண்டிலும் 4 பேர் வீதம். 6,200, 3,100, 3,100.

எல்லாவற்றையும் கூட்டினால் அச்சுக்கு 92,600, வடிவமைப்புக்கு 21,400, விற்பனைக்கு 26,000. பழைய முறையில் இவை முறையே 56,000, 49,000, 35,000. மொத்தம் இரண்டிலும் அதே 1,40,000. வடிவமைப்பின் 14,000 நஷ்டம் 13,600 லாபமாகிறது. அச்சுப் பொறுப்பாளருக்கு இது கசக்கும். ஆனால் வேலைக்கு விலை சொல்லும்போது அவர் இவ்வளவு நாளும் 36,600 குறைவான செலவை வைத்துச் சொல்லியிருக்கிறார் என்பது இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. அதை உடனே சரிசெய்யச் சொல்லுங்கள்.

மூடுவது பற்றி. அதை முடிவு செய்ய மேலே போட்ட புதிய கணக்குகூட உதவாது, பிரித்த செலவையே ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வடிவமைப்பு தன் சம்பளம், பொருள் செலவெல்லாம் போக மாதம் 35,000 கொண்டுவருகிறது. மூடினால் அந்த 35,000 போகும். வாடகை 90,000 அப்படியே இருக்கும், அலுவலகமும் இருக்கும். மிச்சமாவது மின்சாரத்தில் ஓடாத யூனிட்டுக்கான 7,800 மட்டும். மாதம் 27,200 கையைவிட்டுப் போகும். அந்த 300 சதுர அடியை வேறு யாருக்காவது நல்ல தொகைக்கு விட முடியும் என்றால் மட்டும் இதை மறுபடி பேசலாம்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. இந்தக் கேள்வியோடு ஓர் ஆலோசகரிடம் போனால் இருபது வகை அளவுகோல், அதற்கென ஒரு மென்பொருள், மாதாந்திரப் பராமரிப்பு என்று விரித்துவைப்பார். உங்கள் அளவுக்குச் சதுர அடி, யூனிட், கிலோவாட், ஆள் எண்ணிக்கை, இந்த நான்கு போதும். தொலைபேசிக்கோ தண்ணீருக்கோ தனி அளவுகோல் தேடாதீர்கள், ஆள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

புதிய முறையை ஆண்டின் நடுவில் மாற்றாமல் அடுத்த நிதியாண்டின் முதல் மாதத்திலிருந்து கொண்டுவாருங்கள். அதுவரை மூன்று மாதத்துக்கு இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மூன்று பொறுப்பாளர்களிடமும் கொடுங்கள். இடம் மாறினாலோ புது இயந்திரம் வந்தாலோ அந்த மாதமே அளவைத் திருத்தி, திருத்திய தேதியை அதே தாளில் குறித்துவையுங்கள்.