ஒரு வருட வாடகையை முன்கூட்டிக் கொடுத்தால் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் மாதம் 30,000 ரூபாய்க்கு ஒரு வீடு பார்த்திருக்கிறோம். கையில் காசு இருப்பதால் ஒரு வருட வாடகையை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டுக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்க யோசிக்கிறோம். எவ்வளவு கேட்பது நியாயம்? வீட்டுக்கார அண்ணர் வெள்ளைத்தாளில் முத்திரை ஒட்டி எழுதித் தருகிறேன் என்கிறார். அது போதுமா?

பதில்: போதாது. ஆனால் முதலில் தொகையைப் பார்ப்போம். பேரம் பேசப் போகுமுன் இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு மாத வாடகை 360,000 ரூபாய். இதில் முதல் மாதக் காசு எப்படியும் இன்று கொடுக்க வேண்டியதுதான். கடைசி மாதக் காசுதான் 11 மாதம் முந்திப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் ஐந்தரை மாதம் முந்திக் கொடுக்கிறீர்கள். அதாவது 165,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு அவரிடம் விட்டு வைப்பதற்குச் சமம். வங்கியில் 8 வீத வட்டி கிடைக்கும் என்று வைத்தால், அதன் பெறுமதி 13,200 ரூபாய். ஒரு மாத வாடகையில் பாதிகூட இல்லை. "ஒரு மாதத்தைக் கழித்து விடுங்கள்" என்று நீங்கள் கேட்டால், அவர் உங்களுக்கு 18 வீத வட்டி கட்டுவது போலாகும். மாதாமாதம் வாடகைக்கு அலையத் தேவையில்லை, வீடு வெறுமனே கிடக்காது என்ற நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு என்பதால், 15,000 முதல் 20,000 வரை கேட்பதில் பிழையில்லை. ஆறு மாதம் மட்டும் கொடுப்பதானால் கணக்கு நன்றாகச் சுருங்கிவிடும். அதே 8 வீதத்தில் அது 3,000 ரூபாய்தான்.

18,000 ரூபாய் குறைத்து முடிகிறது என்று வைப்போம். குத்தகை உறுதியில் "மாத வாடகை 28,500 ரூபாய், 12 மாதத்துக்கு 342,000 பெற்றுக்கொண்டேன்" என்றே எழுதுவியுங்கள். "வாடகை 30,000, கழிவு 18,000" என்று எழுத விடாதீர்கள். ஏழாம் மாத முடிவில் உங்களுக்கு இடமாற்றம் வந்தால், முதல் மாதிரி எழுதியிருந்தால் மிச்சம் 142,500 ரூபாய். இரண்டாவது மாதிரியில், இருந்த ஏழு மாதத்துக்கும் முழு வாடகையைக் கழித்து 132,000 தான் தருவேன் என்று அவர் வாதாட இடமிருக்கிறது. இடையில் வெளியேற எத்தனை மாத அறிவித்தல், மிச்சக் காசு எத்தனை நாளில் திரும்பும் என்பதும் அதே உறுதியில் வர வேண்டும். அப்படி எழுதாவிட்டால், நீங்களாக வெளியேறும்போது காசைத் திருப்பிக் கேட்பதே கஷ்டம்.

இனி வெள்ளைத்தாள். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். முத்திரை ஒட்டிய கடிதம் காசு கொடுத்ததற்குச் சாட்சியாகலாம், ஒரு வருட உரிமையைத் தராது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாத வாடகைக்காரர்தான். மூன்றாம் மாதம் அவர் ஒரு மாத அறிவித்தல் தந்தால், மிச்சக் காசைக் கேட்டு வழக்குப் போடலாமே தவிர, "வருடம் முடியும் வரை இருப்பேன்" என்று நிற்க முடியாது. எழுதிய உறுதியை மட்டக்களப்பு காணிப் பதிவகத்தில் பதிவதும் முக்கியம். பதியாமல் விட்டால், வீட்டை வாங்கித் தன் உறுதியை முந்திப் பதிந்தவர் உங்களுக்கு மேலே வந்துவிடுவார். நொத்தாரிசு கூலியையும் முத்திரைத் தீர்வையையும் முதலே விசாரியுங்கள். 18,000 மிச்சம் பிடிக்கப் போய் அதில் பெரும்பகுதி அங்கே கரைந்துவிடக் கூடாது. பாதிப் பாதி என்று பேசிப் பாருங்கள். நொத்தாரிசு உறுதி அவருக்கும் நல்லதுதான். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், அப்படிக் குத்தகைக்குக் கொடுத்தவர் தவணை முடிந்ததும் வீட்டை மீட்க விரைவான வழி தருகிறது.

ஒப்பம் யாருடையது என்பதில்தான் நம் பக்கத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இங்கே வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்பட்டிருக்கும். வாடகை பேசுவது அண்ணர், வீட்டு உறுதியில் இருப்பது அக்காவின் பெயர். அப்படியானால் அக்காதான் ஒப்பம் வைக்க வேண்டும், அல்லது அவர் கொடுத்த அற்றோணித் தத்துவம் அண்ணரிடம் இருக்க வேண்டும். பதிவகத்தில் அந்தக் காணிக்கான பதிவேட்டுப் பிரதியை எடுத்தால் உரிமையாளர் பெயரும், வங்கி ஈடு இருந்தால் அதுவும் தெரியும். காசு அவசரமாகத் தேவை என்று அண்ணரே சொன்னால் இதைக் கட்டாயம் பாருங்கள். அரச பர்மிட் காணியென்றால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாயும் முற்பணம் கொடுக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குள் வரும் பழைய வீடானால் முற்பணம் வாங்குவதற்கே கட்டுப்பாடு உண்டு. அதையும் நொத்தாரிசிடம் கேளுங்கள்.

உறுதி எழுதி முடியும்வரை ஒரு மாத வாடகையை மட்டும் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மிச்சத்தை ஒப்பம் வைக்கும் அன்றைக்கே, வீட்டு உறுதியில் பெயர் இருப்பவரின் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள்.