அகலமா, ஆழமா? கிராஃப் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கட்டப் பலகையில் தொடக்கத்திலிருந்து இலக்குக்கு மிகக் குறைந்த நகர்வுகள் எத்தனை என்று நேர்காணலில் கேட்டார்கள். ஒரு வழியில் முடிவுவரை இறங்கிப் பிறகு திரும்பும் ஆழத் தேடலை, அதாவது டி.எஃப்.எஸ். எழுதி, கிடைத்த நீளங்களில் சிறியதை வைத்துக்கொண்டேன். மாதிரிக்கு விடை சரியாகவே வந்தது. ஆனாலும் தவறு என்றார்கள். ஏன்?

பதில்: நீங்கள் பார்த்த இடங்களைக் குறித்துவைத்து, அந்தக் குறியை அழிக்காமல் விட்டிருப்பீர்கள். A-க்கு B, D என்று இரண்டு அண்டைகள். B-யிலிருந்து C, C-யிலிருந்து D, D-யிலிருந்து இலக்கான E. ஆழத் தேடல் முதலில் B பக்கம் இறங்கினால் A, B, C, D, E என்று 4 நகர்வில் போய்ச் சேரும். திரும்பி வந்து A-யிலிருந்து D-யை நேராகப் பார்க்கும்போது அது ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது, தாண்டிப் போய்விடும். விடை 4. உண்மையில் 2.

திரும்பும்போது குறியை அழித்தால் விடை சரியாகும், நேரம்தான் போய்விடும். தடையே இல்லாத 7×7 பலகையில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, போன கட்டத்துக்கே திரும்பாமல் செல்லும் வழிகள் 57,57,80,564. அகலத் தேடலோ, அதாவது பி.எஃப்.எஸ்., 49 கட்டங்களை ஒருமுறை தொட்டு முடித்துவிடும். 1 நகர்வில் எட்டுபவை, பிறகு 2 நகர்வில் எட்டுபவை என்று அடுக்கடுக்காகப் போவதால், இலக்கை முதன்முதலில் தொடும் கணமே விடை.

கேள்வி: பி.எஃப்.எஸ். தான் எழுதினேன் ஐயா. சிறிய பலகைக்கு ஓடியது, பெரிதாக்கியதும் நின்றுவிட்டது.

பதில்: பார்த்ததாகக் குறிப்பதை எங்கே செய்தீர்கள்? வரிசையிலிருந்து எடுக்கும்போது குறித்து, எடுத்தது பழையதா என்றும் பார்க்காமல் விட்டால், ஒரே கட்டம் அதற்கு மிகக் குறைந்த நகர்வில் போகும் வழிகள் எத்தனை உண்டோ அத்தனை முறை வரிசையில் நுழையும். வெற்று 10×10 பலகையில் கடைசி மூலை மட்டும் 48,620 முறை நுழையும். விடை சரியாகவே இருப்பதால் சிறிய சோதனையில் இது கண்ணில் படாது. வரிசையின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். கட்டங்களின் எண்ணிக்கையைத் தாண்டினால் இதுதான் காரணம். சேர்க்கும்போதே குறியுங்கள்:

```python
for nxt in neighbours(cell):
    if nxt not in seen:
        seen.add(nxt)
        q.append((nxt, d + 1))
```

கேள்வி: அப்படியானால் ஊர்களுக்கிடையே மிகக் குறைந்த தூரத்துக்கும் அகலத் தேடல் போதும்தானே? எங்கள் குழுவில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பதில்: போதாது. அது எண்ணுவது நகர்வுகளை, கிலோமீட்டரை அல்ல. A-யிலிருந்து C-க்கு நேர்ச்சாலை 10, B வழியாக 2-உம் 3-உம் என்றால் அகலத் தேடல் நேர்ச்சாலையையே தரும், மிகக் குறைந்த தூரமோ 5. அங்கே சாலை நீளங்களைக் கூட்டிப் பார்க்கும் டைக்ஸ்ட்ரா வழிமுறை வேண்டும். எல்லாச் சாலைகளும் ஒரே நீளமாக இருந்தால் மட்டும் உங்கள் குழு தப்பித்தது.

கேள்வி: டி.எஃப்.எஸ். எதற்குத்தான் உதவும்? திசையுள்ள கிராஃபில் சுழற்சி இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் எழுதுவேன்: ஏற்கெனவே பார்த்த கணு மறுபடி வந்தால் சுழற்சி.

பதில்: தேர்வு சரி, சோதனை பாதிதான் சரி. A-யிலிருந்து B, C இரண்டுக்கும், அவை இரண்டிலிருந்தும் D-க்கும் அம்பு போடுங்கள். D இரண்டு முறை வரும்; சுழற்சி கிடையாது. கேட்க வேண்டியது, இந்தக் கணு இப்போது நான் இறங்கிக்கொண்டிருக்கும் பாதையிலேயே இருக்கிறதா என்பது. அதனால் மூன்று நிலைகள் வேண்டும்: தொடாதது, பாதையில் இருப்பது, முடிந்தது. பாதையில் இருப்பதை மீண்டும் சந்தித்தால்தான் சுழற்சி. B வழியாகப் போய் D முடிந்துவிட்டது. C வழியாக அதைக் காணும்போது கவலையில்லை. இறங்கிய பாதையை நினைவில் வைத்திருப்பது ஆழத் தேடலின் இயல்பு என்பதால் இது இங்கே எளிதாக அமைகிறது. வரிசையை வைத்தும் செய்யலாம்: உள்ளே வரும் அம்பு இல்லாத கணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், கழற்ற முடியாமல் ஏதாவது மிஞ்சினால் சுழற்சி.

கேள்வி: ஆழத் தேடலுக்கு நினைவகம் குறைவு என்று படித்தேன். அதனால் அதையே எழுதலாமா?

பதில்: கிராஃபின் வடிவத்தைப் பொறுத்தது. நிறைந்த இருகிளை மரத்தில் கடைசி மட்டத்திலேயே ஏறக்குறைய பாதிக் கணுக்கள். அகலத் தேடலின் வரிசை அங்கே வீங்கும். நீண்ட சங்கிலியில் தலைகீழ்: வரிசையில் ஒன்றே ஒன்று, ஆழத் தேடலோ சங்கிலி முழுவதையும் அடுக்கில் சுமக்கும். பைத்தானின் இயல்பான தன்னழைப்பு வரம்பு 1000. முழுக்க நிலமான 1000×1000 பலகையில் ஒட்டியிருக்கும் நிலக் கட்டங்களை ஒரு தீவாகக் கொண்டு தீவு எண்ணும் தன்னழைப்பு நிரல் நடுவிலேயே RecursionError காட்டி விழும்.

கேள்வி: தீவு எண்ணுவதற்கு இரண்டுமே சரி என்கிறார்கள். எதை எழுதுவது?

பதில்: விடை ஒன்றுதான். நான் வரிசையை வைத்து எழுதுவேன், மேலே சொன்ன பிழைக்குப் பயந்து. என்னுடன் நேர்காணல் எடுக்கும் ஒருவர் தன்னழைப்பில் ஐந்தே வரியில் முடிவதைத்தான் விரும்புகிறார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. பலகையின் அளவை முதலில் கேட்டுவிட்டு எழுதினால் எங்கள் இருவரிடமும் தப்பிக்கலாம்.