முதல் இயர்போன்: பெட்டியில் எதைப் பார்ப்பது?

"குறைந்த விலையில் முதல் இயர்போன். கால் பேசவும் பாட்டு கேட்கவும். பெட்டியில் 10 மி.மீ. டிரைவர், 20–20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. வயரா, புளூடூத்தா?"

அந்த இரண்டு எண்களையும் விட்டுவிடுங்கள். 20–20,000 என்பது மனிதக் காது கேட்கும் எல்லை. கிட்டத்தட்ட எல்லாப் பெட்டியிலும் அதுதான் இருக்கும். டிரைவர் என்பது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்; அது பெரிதாக இருப்பதால் மட்டும் ஒலி நன்றாகிவிடாது.

உங்கள் போனில் 3.5 மி.மீ. துளை இருந்தால் வயர்தான் என் தேர்வு. காரணம் மைக். வயரில் அது வாய்க்குக் கீழே தொங்கும். புளூடூத் பட்ஸில் காதோரம் இருப்பதால் சுற்றியுள்ள சத்தத்தையும் சேர்த்து வாங்கும். அதோடு, கால் வந்ததும் பெரும்பாலான புளூடூத் பட்ஸ் பாட்டுக்கான முறையை விட்டு ஹெச்எஃப்பி என்ற அழைப்பு முறைக்கு மாறும். அதில் குரல் மங்கித்தான் கேட்கும். இது பழுதில்லை.

வயர் வாங்கும்போது பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் மைக் உண்டு, இரண்டுதான் என்றால் பாட்டு மட்டும். துளையே இல்லாத போன் என்றால், டிஜிட்டல் சிக்னலை ஒலிக்கான சிக்னலாக மாற்றும் டிஏசி என்ற சிப் உள்ள டைப்-சி இயர்போனாக வாங்குங்கள். அது இல்லாதவை சில போன்களில் வேலை செய்யாது.

அப்புறம் ரப்பர் முனை. மூன்று அளவு தருவார்கள், மூன்றையும் போட்டுப் பாருங்கள். பேஸ் மெலிந்து கேட்டால் பெரும்பாலும் முனை காதை அடைக்கவில்லை என்று அர்த்தம். மைக்கைச் சோதிக்க, ஃபேன் ஓடும்போது குரலைப் பதிவு செய்து கேளுங்கள். சொற்கள் தெளிவாக இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள்.