லைடார் தடை கண்டறிதல்: சரிவைச் சுவராகவும் ஓர் ஆளை மூன்று துண்டுகளாகவும் காட்டுவது ஏன்?

கேள்வி: சிறிய நான்கு சக்கர வண்டி ஒன்றில் 16 கற்றை லைடார் பொருத்தியிருக்கிறேன். ரான்சாக் மூலம் தரையை நீக்கிவிட்டு, மிச்சமுள்ள புள்ளிகளை யூக்ளிடியன் கிளஸ்டரிங் செய்கிறேன். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. ஆனால் சாய்தளத்துக்கு முன்னால் வண்டி தானாக நின்றுவிடுகிறது. தூரத்தில் நிற்கும் ஆள் இரண்டு மூன்று தனித்தனிப் பொருள்களாகத் தெரிகிறார். எந்த அளவைக் கூட்ட அல்லது குறைக்க வேண்டும்?

பதில்:

எந்த அளவைத் திருகினாலும் இந்த இரண்டு குறைகளும் முழுதாகப் போகாது. வளாகத்துக்குள் பொருள் சுமக்கும் ஒரு சிறு வண்டியில் இதே நிலையில் நானும் சில வாரங்கள் அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் குறை, தரை ஒரே ஒரு தளம் என்று எடுத்துக்கொண்டதால் வருகிறது. இரண்டாவது, லைடார் புள்ளிகள் பக்கவாட்டில் நெருக்கமாகவும் செங்குத்தாக மிக அகலமாகவும் விழுவதைக் கணக்கில் கொள்ளாததால் வருகிறது.

என் வண்டியில் இருந்தது வெலோடைன் விஎல்பி-16. தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் பொருத்தியிருந்தோம். அதன் 16 கற்றைகளும் −15 டிகிரியிலிருந்து +15 டிகிரி வரை 2 டிகிரி இடைவெளியில் அமைந்தவை. வேறு நிறுவனத்தின் 16 கற்றைக் கருவி என்றாலும், கற்றைக் கோணங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் கீழே வரும் கணக்கு பொருந்தும்.

சமதளத்தில் −15 டிகிரிக் கற்றை 2.24 மீட்டரில் தரையைத் தொடும். −9 டிகிரிக் கற்றை 3.79 மீட்டரில், −5 டிகிரிக் கற்றை 6.86 மீட்டரில், −3 டிகிரிக் கற்றை 11.45 மீட்டரில். கடைசியாகக் கீழ்நோக்கும் −1 டிகிரிக் கற்றை 34 மீட்டர் தாண்டித்தான் தரையில் படும். ஆகவே தரை என்று நாம் பார்ப்பது உண்மையில் வண்டியைச் சுற்றிய சில வளையங்கள்தான். அவற்றில் பாதிக்கு மேல் 5 மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

இப்போது வண்டிக்கு 4 மீட்டர் முன்னால் 8 டிகிரிச் சாய்தளம் ஒன்று தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ரான்சாக் மூன்று மூன்று புள்ளிகளாக எடுத்துத் தளம் அமைத்துப் பார்த்து, அதிகப் புள்ளிகளின் ஆதரவு பெற்ற தளத்தைத் தேர்ந்தெடுக்கிறது. முன்னால் நான்கு வளையங்களும், பின்னாலும் பக்கங்களிலும் விழும் வளையங்களும் சமதளத்துக்கே ஆதரவு தருவதால் சமதளமே வெல்லும். சாய்தளத்தில் விழும் புள்ளிகளோ, −5 டிகிரிக் கற்றையில் 15 செ.மீ., −3 டிகிரிக் கற்றையில் 28 செ.மீ., −1 டிகிரிக் கற்றையில் 47 செ.மீ. உயரத்தில் இருக்கும். உங்கள் `setDistanceThreshold` 0.15 என்றால் இவை யாவும் தரையல்லாதவை ஆகி, பாதையின் அகலம் முழுவதும் நீளும் கோடுகளாகச் சேர்ந்து சுவர் போல நிற்கும். அதை 0.5 ஆக்கினால் சாய்தளத்தின் தொடக்கம் மறையும். கூடவே படுத்திருக்கும் நாயும் மறையும். (`setEpsAngle` ரேடியனில் கொடுக்க வேண்டியது. அதில் 10 என்று எழுதிவைத்துவிட்டு ஒரு நாள் முழுவதும் தேடியவன் நான்; ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

நான் இறுதியில் தளம் பொருத்துவதையே விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு திசைக்கோணத்திலும் உள்ள 16 புள்ளிகளை ஒரு நெடுவரிசையாக எடுத்து, கீழ்க் கற்றையிலிருந்து மேல் கற்றை வரை ஏறிப் போய், ஒவ்வொரு புள்ளியையும் அதற்கு முன் தரை என்று உறுதியான புள்ளியோடு ஒப்பிட்டேன். கிடைத் தூரத்துக்கேற்ற அளவு ஏறியிருந்தால் அது தரை. அதைவிடத் திடீரென்று ஏறியிருந்தால் அது தடை.

```python
def label_column(r, z, h=0.6, slope=0.21, tol=0.04):
    gr, gz = 0.0, -h          # சக்கரத்தடி: முதல் தரைப்புள்ளி
    out = []
    for ri, zi in zip(r, z):
        dr, dz = ri - gr, zi - gz
        lim = 0.10 if gr == 0 else slope * abs(dr) + tol
        if dz > lim:
            out.append(1)     # தடை
        elif dz < -lim:
            out.append(2)     # பள்ளம் அல்லது பிரதிபலிப்பு
        else:
            out.append(0)     # தரை
            gr, gz = ri, zi
    return out
```

0.21 என்பது ஏறக்குறைய 12 டிகிரியின் டேன்ஜென்ட். எங்கள் வளாகத்தின் செங்குத்தான சாய்தளம் 8 டிகிரி. பிரேக் பிடிக்கும்போது வண்டி மூக்கைத் தாழ்த்துவது சுமார் 2 டிகிரி. மிச்சம் 2 டிகிரி கைக்காவல். 4 செ.மீ. என்ற கூடுதல் தொகை கருவியின் இரைச்சலுக்கானது. விஎல்பி-16 ஏறத்தாழ 3 செ.மீ. கூடக் குறையக் காட்டும். முதல் இரண்டு வளையங்களுக்கு இடையே 36 செ.மீ. மட்டுமே இருப்பதால், கோணத்தை மட்டும் வரம்பாக வைத்தால் இரைச்சலே பல டிகிரிச் சரிவாகத் தோன்றிவிடும். தூரத்தோடு வளரும் ஒரு பகுதியும் மாறாத ஒரு பகுதியும் சேர்ந்ததாக வரம்பு இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். முதல் புள்ளிக்கு மட்டும் 10 செ.மீ. என்று இறுக்கியிருக்கிறேன், இல்லையென்றால் சக்கரத்தடியிலிருந்து 2 மீட்டருக்கு மேல் கணக்கிடும்போது வரம்பு அரை மீட்டரைத் தொட்டு, வண்டியின் முன்னாலேயே நிற்கும் பெட்டியின் கீழ்ப்பகுதி தரையாகிவிடும்.

அந்தச் சாய்தளத்தை இதில் ஓட்டிப் பாருங்கள். −9 டிகிரிப் புள்ளி 3.79 மீட்டரில் தரை. −7 டிகிரிப் புள்ளி 4.41 மீட்டரில் 6 செ.மீ. ஏறியிருக்கிறது, வரம்பு 17 செ.மீ., ஆகவே தரை. அடுத்தது 5.10 மீட்டரில் மேலும் 10 செ.மீ., அதற்கடுத்தது 6.02 மீட்டரில் மேலும் 13 செ.மீ.; இரண்டும் தரை. சாய்தளம் முழுவதும் இப்படியே கடந்துபோகிறது. அதே சமயம், சமதளத்தில் 6 மீட்டரில் 30 செ.மீ. உயரப் பெட்டி ஒன்று இருந்தால், −5 டிகிரிக் கற்றை அதன் முகத்தில் 7 செ.மீ. உயரத்திலும், −3 டிகிரிக் கற்றை 28 செ.மீ. உயரத்திலும் படும். முதல் புள்ளி தரை என்று தவறாகக் கணக்காகும். ஆனால் இரண்டாவது புள்ளி, கிடைத் தூரம் சிறிதும் கூடாமல் 21 செ.மீ. ஏறியிருப்பதால் தடையாகப் பிடிபடும். பெட்டியின் அடிவரிசை தொலைவதால் நடைமுறையில் நட்டமில்லை, ஏனென்றால் வண்டிக்கு வேண்டியது பெட்டி எங்கே இருக்கிறது என்பதுதான்.

ஒரு கண்ணி இருக்கிறது. விஎல்பி-16 அனுப்பும் மூலத் தரவில் கற்றைகள் உயர வரிசையில் வருவதில்லை. −15, +1, −13, +3 என்று மாறி மாறி வரும். ராஸ் இயக்கி தரும் `ring` புலம் கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டது. அதைக் கொண்டே நெடுவரிசையை அமைக்க வேண்டும். வரிசை மாறினால் சமதளத்திலேயே எதிர்ச் சுவரின் சில புள்ளிகள் தரையாகவும், சில தரை வளையங்கள் பள்ளமாகவும் தெரியும். ஆர்விஸில் பார்த்தவுடன் விளங்கும். இதே காரணத்தால் `VoxelGrid` வடிப்பானைத் தரை நீக்கத்துக்கு முன் போடக் கூடாது. அது புள்ளிகளைச் சராசரியாக்குவதால் எந்தப் புள்ளி எந்தக் கற்றையைச் சேர்ந்தது என்ற தகவல் போய்விடும்.

இனி துண்டாகத் தெரியும் ஆளுக்கு வருவோம். 10 மீட்டரில் அடுத்தடுத்த கற்றைகளுக்கு இடையே செங்குத்து இடைவெளி 35 செ.மீ. ஆனால் ஒரே கற்றையில் அடுத்தடுத்த புள்ளிகள், 10 ஹெர்ட்ஸ் சுழற்சியில் 0.2 டிகிரி இடைவெளியில் விழுவதால், 3.5 செ.மீ. தள்ளியே இருக்கும். கிளஸ்டர் தூரத்தை 0.3 என்று கொடுத்தால், ஆளின் மேல் படும் நான்கைந்து கற்றைகளும் ஒன்றையொன்று எட்டாமல் தனித்தனிக் கோடுகளாகிவிடும். தலை, கால் போன்ற குறுகிய இடங்களில் படும் கோடு குறைந்தபட்சப் புள்ளி எண்ணிக்கையை எட்டாமல் விடுபடுவதும் உண்டு. ஆகவேதான் சுற்றுக்குச் சுற்று இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை மாறுகிறது. தூரத்தை 0.8 ஆக உயர்த்தினால் அந்த ஆள் ஒன்றாவார். ஆனால் பக்கத்துத் தூணும் அவரோடு சேர்ந்துகொள்ளும்.

வண்டி தரையில்தான் நகர்கிறது. ஆகவே தடைப் புள்ளிகளின் `z` மதிப்பைப் பூஜ்யமாக்கி, மேலிருந்து பார்க்கும் இரு பரிமாணத்திலேயே கிளஸ்டர் செய்யுங்கள். ஆளின் ஐந்து கற்றைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே திரளாகிவிடும், 0.35 மீட்டர் போதும். தட்டையாக்குவதற்கு முன் ஒரு வேலை உண்டு: அந்த நெடுவரிசையின் கடைசித் தரைப்புள்ளியிலிருந்து வண்டியின் உயரத்தையும் 30 செ.மீ. கைக்காவலையும் தாண்டி மேலே இருக்கும் புள்ளிகளை நீக்க வேண்டும். இல்லையேல் சாலையின் மேல் கவிந்த மரக்கிளை, கீழே நிற்கும் தடையாகத் தோன்றும். எங்கள் வண்டி முதல் வாரம் ஒரு வேப்பமரத்தடியில் தினமும் நின்றது இதனால்தான்.

குறைந்தபட்சப் புள்ளி எண்ணிக்கையும் ஒரே எண்ணாக இருக்க முடியாது. 45 செ.மீ. அகலமுள்ள ஆளின் மேல் 10 மீட்டரில் சுமார் 60 புள்ளிகள் விழும். 20 மீட்டரில் அது 12-15 ஆகிவிடும். `setMinClusterSize` 20 என்று வைத்தவருக்கு அந்த ஆள் அருகில் வந்த பிறகே தெரிவார். நான் குறைந்தபட்சத்தை 4 என்று வைத்து, அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் ஏறக்குறைய அதே இடத்தில் தோன்றுவதையே தடையாக ஏற்றேன். இதற்கு ஒரு பத்தில் ஒரு நொடி தாமதம்தான் விலை. எங்கள் வண்டி நொடிக்கு 2 மீட்டரில் ஓடி, மெதுவாகப் பிரேக் பிடித்தாலும் 3 மீட்டருக்குள் நின்றுவிடும் என்பதால், 15 மீட்டருக்கு அப்பால் உள்ள புள்ளிகளைக் கவனத்தில் கொள்வதே இல்லை.

இந்த முறை பிடிக்காதவற்றையும் சொல்லிவிட வேண்டும். நடைபாதை விளிம்புக் கல்லை நம்பாதீர்கள். 3.3 மீட்டரில் 12 செ.மீ. உயரக் கல் இருந்தால், −9 டிகிரிக் கற்றை அதில் 7.7 செ.மீ. உயரத்தில் படும், அங்கே வரம்போ 8.5 செ.மீ. அடுத்த கற்றை கல்லைத் தாண்டி மேல்தளத்தில் மெல்ல ஏறுவதாகத் தெரியும். ஆகவே கல் முழுவதும் தரையாகிவிடும். வரம்பை இறுக்கினால் சாய்தளம் மறுபடி சுவராகும். அதனால் விளிம்புக் கல்லுக்கு வண்டியின் முன் தாழ்வாக வேறு ஓர் உணரி வைத்தோம்.

மழை நின்ற பின் வேறொரு சிக்கல் வரும். தேங்கிய நீரில் கற்றை பட்டுத் தெறித்து, எதிர்ச் சுவரைத் தொட்டுத் திரும்பினால், அந்தப் புள்ளி சாலைக்கு அடியில் இருப்பதாகக் காட்டும். `2` என்ற குறி அதற்காகத்தான், ஆனால் வண்டியை ஒட்டிய கீழ்க் கற்றைகளில்தான் அது பிடிபடும்; அந்தப் புள்ளியைத் தரையாக எடுத்துக்கொண்டால் அடுத்து வரும் சாலையெல்லாம் தடையாகிவிடும். திறந்த வடிகாலும் இதே குறியில்தான் வரும். இரண்டையும் புள்ளிகளைக் கொண்டு மட்டும் பிரிக்க எனக்கு வழி தெரிந்ததில்லை. ஆகவே `2` என்ற குறி பாதையில் 4 மீட்டருக்குள் தொடர்ச்சியாக வந்தால் வண்டியை நிறுத்திவிடுகிறேன். மழை நாளில் அது சில இடங்களில் வீணாக நிற்கும். ஓட்டுநர் கைப்பொறியால் கடத்திவிடுவார்.