சந்தை வாசலில் எத்தனையாவது ஆள்? கேள்வி-பதில்

வாடிக்கையாளர் ஆய்வு பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, சந்தை வாசலில் நின்று இத்தனை பேருக்கு ஒருவர் என்ற இடைவெளியில் ஆட்களைத் தேர்ந்து பேட்டி எடுப்பதைப் பற்றியவை. ஒரே விஷயத்தின் வெவ்வேறு பக்கங்கள் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

உழவர் சந்தைக்கு வருபவர்களிடம் கருத்துக் கேட்கப் போகிறோம். மொத்த எண்ணிக்கையை வேண்டிய எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும் என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் எத்தனை பேர் வருவார்கள் என்றே தெரியாதே? பத்தாவது ஆளா, இருபதாவது ஆளா? (முதுகலை மாணவி, திண்டுக்கல்)

பாடநூல் கணக்கு கையில் பெயர்ப் பட்டியல் இருப்பவர்களுக்கு. வாசலில் நிற்பவர்கள் இடைவெளியை முடிவு செய்ய வேண்டியது இரண்டு விஷயங்களை வைத்து: மணிக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள், மணிக்கு எத்தனை பேரை உங்களால் அணுக முடியும்.

முதலில் ஒரு சாதாரண நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் நின்று எண்ண மட்டும் செய்யுங்கள். ஒரு நாள் கணக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 6 முதல் 7 வரை 480 பேர், 7 முதல் 8 வரை 620, 8 முதல் 9 வரை 400, 9 முதல் 10 வரை 180. ஒரு பேட்டிக்கு 5 நிமிடம். நிறுத்திப் பேசி, குறித்துக்கொண்டு, திரும்பி வந்து நிற்க இன்னும் இரண்டரை நிமிடம். அப்படியானால் ஒருவருக்கு மணிக்கு 8 பேர், இருவருக்கு 16.

பலரும் இங்கே சராசரி போட்டுவிடுகிறார்கள். 1,680 பேரை 4 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 420. அதை 16-ஆல் வகுத்து, 26-ஆவது ஆள் என்று முடிவு செய்வார்கள். ஆனால் 7 மணிக்கு மேல் 620 பேர் வரும்போது இந்தக் கணக்கில் 24 பேரை அணுக வேண்டும். முடிவது 16 பேர். மீதி எட்டுப் பேர், நீங்கள் இன்னொருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விடுவார்கள். அவர்கள் மறுத்தவர்கள் இல்லை, தவறவிட்டவர்கள். வேலைக்குக் கிளம்பும் முன் அவசரமாக வருபவர்கள்தான் அந்த நேரத்தில் அதிகம் என்றால், அந்த வகை ஆட்களே உங்கள் சாம்பிளில் குறைந்துபோவார்கள்.

எனவே நெரிசலான மணி நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 620-ஐ 16-ஆல் வகுத்தால் 38 சொச்சம். 40-ஆவது ஆள் என்று வைத்துக்கொண்டால் நாள் முழுக்க அதே எண்ணோடு போகலாம். ஒரே குறை, 9 மணிக்கு மேல் ஆளில்லாமல் நிற்பீர்கள். அது பிடிக்கவில்லை என்றால் மணிக்கு மணி இடைவெளியை மாற்றலாம்: 30, 40, 25, 12. அப்போது ஒவ்வொரு படிவத்திலும் அந்த மணி நேரத்தின் இடைவெளியை எழுதி, கடைசியில் அந்த எண்ணையே எடையாகப் போட வேண்டும். 40 இடைவெளியில் வந்தவர் 40 பேருக்காகப் பேசுகிறார், 12 இடைவெளியில் வந்தவர் 12 பேருக்காக. எதுவானாலும் முதல் ஆளைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். 40 இடைவெளி என்றால் 1 முதல் 40 வரை ஒரு சீட்டு. 17 வந்தால் 17, 57, 97 என்று போகும். இடைவெளி மாறும் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு நாளும் புதுச் சீட்டு.

கூட்டமாக வந்தால் யார் 40-ஆவது ஆள் என்று எப்படிச் சொல்வது? குடும்பமாக வருபவர்களை ஒன்றாக எண்ணலாமா?

தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கோட்டை உள்நோக்கித் தாண்டும் பெரியவர் ஒவ்வொருவரும் ஒரு எண். குழந்தைகளும் வெளியே போகிறவர்களும் கணக்கில் இல்லை. விலைப்பட்டியல் பலகை வாசலருகே இருந்தால் கோடு அதற்கு உள்பக்கமாக இருக்கட்டும். பலகைக்கு முன்பு போட்டால், விலையைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து மறுபடி தாண்டுபவர்களை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். எண்ணுவதற்கென்றே தனியாக ஒருவர், கையில் அமுக்கும் கவுன்ட்டரோடு நிற்க வேண்டும். பேட்டி எடுப்பவரே எண்ணினால் எண் தப்பும், அப்புறம் முகம் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும்.

கணவனும் மனைவியும் வந்தால் இரண்டு எண். எண் விழுந்தது கணவர்மேல் என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். "அவளைக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்" என்பார். சிரித்துக்கொண்டே அவரிடமே கேளுங்கள்.

ஒருவர் மறுத்தால் அவருக்குப் பின்னால் வருபவரைக் கேட்டால் என்ன? எண்ணிக்கை குறைகிறதே.

வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மறுத்தவர் மறுத்தவராகவே நோட்டில் பதிவாக வேண்டும், எண்ணுவது நிற்காமல் அடுத்த 40-க்குப் போக வேண்டும்.

காரணத்தைக் கணக்கிலேயே பாருங்கள். 60 பேரை அணுகினீர்கள்: 36 பெண்கள், 24 ஆண்கள். பெண்களில் 27 பேர் பதில் சொன்னார்கள், ஆண்களில் 9 பேர்தான். வந்தவர்களில் ஆண்கள் 40 சதவீதம், பேசியவர்களில் 25 சதவீதம். மறுத்த 24 பேருக்குப் பதிலாக அடுத்தடுத்து வந்தவர்களைப் பிடித்து 60-ஐ நிரப்பினாலும், நின்று பேசுவது அதே மாதிரி பேசத் தயாராக இருப்பவர்கள்தான். விகிதம் திருந்தாது. 24 பேர் மறுத்தார்கள் என்ற செய்தியும் காணாமல் போய்விடும். எண்ணிக்கை கூட வேண்டுமென்றால் இன்னொரு நாள் நில்லுங்கள்.

மறுத்தவரைப் பற்றிக் கண்ணால் பார்த்ததை உடனே குறியுங்கள்: ஆணா பெண்ணா, இளையவரா நடுவயதா முதியவரா, தனியாக வந்தாரா, மணி என்ன. இது இருந்தால் திருத்தலாம். மேலே சொன்ன கணக்கில், தினமும் வருவதாகச் சொன்னவர்கள் பெண்களில் 9 பேர், ஆண்களில் 6 பேர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கூட்டினால் 36-க்கு 15, அதாவது 42 சதவீதம். பெண்களின் மூன்றில் ஒரு பங்கை 60 சதவீதத்துக்கும், ஆண்களின் மூன்றில் இரண்டு பங்கை 40 சதவீதத்துக்கும் பொருத்தினால் 47 சதவீதம்.

இதற்கும் எல்லை உண்டு. மறுத்த ஆண்கள், பேசிய ஆண்களைப் போன்றவர்கள்தான் என்று நம்பித்தான் இந்தத் திருத்தம் நிற்கிறது. 2004 அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்குச்சாவடி வாசலில் இதே இடைவெளி முறையில் எடுத்த கணிப்பு, புஷ்ஷை எதிர்த்து நின்ற கெர்ரியை உண்மை நிலையைவிட மேலே காட்டியது. அங்கும் மறுத்தவர்களின் பாலினம், தோராய வயது எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. கெர்ரிக்கு வாக்களித்தவர்கள் புஷ்ஷுக்கு வாக்களித்தவர்களைவிட அதிக விகிதத்தில் படிவம் நிரப்பியதே காரணமாக இருக்கும் என்று கணிப்பை நடத்தியவர்களே பிறகு முடிவுக்கு வந்தார்கள். யாருக்கு வாக்களித்தார் என்பது முகத்தில் தெரியாதே.

அதனால் மறுப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: "சரிங்க, இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க, வாரத்துல எத்தனை நாள் வருவீங்க?" முழுப் பேட்டிக்கு நிற்காதவர்களில் பலர் நடந்துகொண்டே இதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். மறுத்தவர்களும் பேசியவர்களும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கும் நேரடிச் சான்று அதுதான்.

எண்ணாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒருவரை எடுத்தால்?

நெரிசலில் வருபவருக்கு வாய்ப்புக் குறையும், காலியான நேரத்தில் வருபவருக்குக் கூடும். எடை போட்டுச் சரிசெய்ய அந்தந்த நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது தேவை. ஆக, எண்ணித்தான் ஆக வேண்டும்.

தினமும் வருபவர் எங்கள் சாம்பிளில் விழ அதிக வாய்ப்பு உண்டல்லவா? அது தவறா?

தவறில்லை, ஆனால் நீங்கள் எடுத்தது ஆட்களின் சாம்பிள் இல்லை, வருகைகளின் சாம்பிள். வாரம் ஏழு நாளும் வாசலில் நின்றிருந்தால், தினமும் வருபவர் உங்கள் கோட்டை ஏழு முறை தாண்டுகிறார், வாரம் ஒருமுறை வருபவர் ஒரு முறை. முன்பு வந்த 47 சதவீதத்தையே எடுங்கள். மற்ற 53 சதவீதமும் வாரம் ஒருமுறை வருபவர்கள் என்று எளிமைக்காகக் கொள்வோம். ஒவ்வொருவரையும் அவர் வரும் நாட்களால் வகுத்தால் 47 என்பது 6.7 ஆகிறது, 53 அப்படியே நிற்கிறது. ஆட்களாகப் பார்த்தால் தினமும் வருபவர்கள் 11 சதவீதம்தான்.

இதற்காகத்தான் "கடந்த ஏழு நாளில், இன்றையும் சேர்த்து, எத்தனை நாள் வந்தீர்கள்?" என்ற கேள்வி படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். வாசலில் எவ்வளவு நெரிசல், எத்தனை கவுன்ட்டர் வேண்டும் என்பதற்கு 47 பொருந்தும். ஊரில் யார் யாருக்குச் சந்தை பயன்படுகிறது என்பதற்கு 11. எதைச் சொல்கிறீர்கள் என்பதை அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.