பத்துப் பேருக்கு டிரிப் மெஷின் காபி: கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் வருகிறார்கள் அக்கா. ‘12 கப்’ டிரிப் மெஷின் இருக்கிறது. ஒரே தடவையில் போட்டுவிடலாமா? (கோவை)

அந்த ‘12 கப்’பை நம்பாதீர்கள். மெஷின் கணக்கில் ஒரு கப் என்பது 150 மில்லி, சிலதில் அதற்கும் கம்மி. பெரிய மக்கில் ஊற்றினால் ஏழு பேருக்கே தீர்ந்துவிடும்.

ஆளுக்கு 150 மில்லி என்றால் ஒன்றரை லிட்டர் காபி வேண்டும். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தண்ணீர் 1.7 லிட்டர், பொடி 100 கிராம். இதை ஒரே தடவையில் கொட்டினால் கூடையில் நுரை பொங்கி, பொடி பேப்பர் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கும். இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்: ஒவ்வொரு தடவையும் 850 மில்லி தண்ணீர், 50 கிராம் பொடி.

முதல் சுற்று இறங்கியதும் ஜாடியை ஒரு கலக்குக் கலக்குங்கள். முதலில் சொட்டுவது கெட்டியாக இருக்கும், கடைசியில் வருவது வெறும் தண்ணி. கலக்காமல் ஊற்றினால் ஒருவருக்குக் கசப்பு, இன்னொருவருக்குக் கழுநீர். கலக்கியதும் பிளாஸ்குக்கு மாற்றிவிட்டு இரண்டாம் சுற்றைப் போடுங்கள். ஜாடியை அந்தச் சூட்டுத் தட்டிலேயே விட்டுவைக்காதீர்கள். அரைமணி நேரத்தில் வாசனை போய், புளிப்பும் கசப்பும் சேர்ந்து நிற்கும்.

எத்தனை ஸ்பூன்? (திருச்சி)

தராசு வாங்குங்கள். ஸ்பூனும் பொடியும் வீட்டுக்கு வீடு மாறும்.

எங்கள் வீட்டில் ஃபில்டர் பொடிதான், சிக்கரி கலந்தது. அதையே மெஷினில் போடலாமா? (தஞ்சாவூர்)

போடலாம், அவஸ்தையும் படலாம். சிக்கரி தண்ணீரில் ஊறி உப்பும். போதாக்குறைக்கு ஃபில்டர் பொடி நைசாக வேறு இருக்கும். பேப்பர் அடைபட்டுத் தண்ணீர் மேலேயே நிற்கும். பத்து நிமிஷம் ஆகியும் சொட்டுச் சொட்டாக இறங்கினால் இதுதான் காரணம். சிக்கரி இல்லாத பொடியை, ரவை பருமனில் அரைத்துக் கேளுங்கள்.

பிளாஸ்கில் எவ்வளவு நேரம் நிற்கும்? (டொராண்டோ)

சூடு நாலு மணி நேரம்கூட நிற்கும், ருசி நிற்காது. ஒரு மணி நேரம் வரை நன்றாக இருக்கும், இரண்டு மணி வரை குடிக்கலாம். ஊற்றுவதற்கு முன் பிளாஸ்கில் கொதிநீர் விட்டு ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள், அப்புறம் கொட்டிவிட்டுக் காபியை நிரப்புங்கள். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். கொதிநீர் விட்டதும் பிளாஸ்கின் வெளிப்பக்கம் சுட்டால் உள்ளே வெற்றிடம் போய்விட்டது. அதைத் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலும் சர்க்கரையும் போட்டுக் கலந்து பிளாஸ்கில் ஊற்றினால் வேலை மிச்சம்தானே? (மதுரை)

கூடாது. பாலைத் தனியாகக் காய்ச்சிக் கொடுங்கள்.

ஏன் கூடாது? எங்கள் குடும்பத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் பால் காபியைத்தான் பெரிய பிளாஸ்கில் வைத்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. (மறுபடியும் மதுரை)

கொதிக்கக் கொதிக்க ஊற்றி அரைமணியில் காலி செய்தால் ஒன்றும் ஆகாது, அது சரி. கல்யாண வீட்டில் பிளாஸ்க் அவ்வளவு நேரம் தாங்குவதும் இல்லை. உங்கள் வீட்டில் பத்துப் பேரில் நாலு பேர் தாமதமாக வருவார்கள். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் பாலில் கிருமி பெருகத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே காய்ச்சின பால் வாடை தூக்கும்.

நான் குறுக்கிடுகிறேன். சிக்கரி போட்ட டிகாக்ஷன் மட்டும் பிளாஸ்கில் இருந்தால் காலையிலிருந்து மத்தியானம் வரை ருசி மாறாது. எங்கள் மெஸ்ஸில் அதுதான் வழக்கம். (கும்பகோணம்)

சிக்கரியின் கசப்பு பழைய வாடையை மறைக்கும் என்பது வரை ஒத்துக்கொள்கிறேன். ருசி மாறாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மறைத்தால் என்ன, குடிக்கிறவருக்குத் தெரியவில்லையே! (கும்பகோணம்)

எனக்குத் தெரியும். பால் போட்டுக் குடிக்கிறவர்களுக்கு உங்கள் வழி செல்லுபடியாகலாம். மெஷின் காபியைப் பால் இல்லாமல் கொடுத்துப் பாருங்கள், அப்போது பேசலாம்.

பிரஷர் இருப்பவர்கள் குடிக்கலாமா? (சேலம்)

டாக்டரைக் கேளுங்கள்.

பன்னிரண்டு பேர் என்றால் எத்தனை ஸ்பூன்? (ஈரோடு)

மேலே படியுங்கள். 120 கிராம் பொடி, இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர், அதே இரண்டு சுற்று. சூட்டுத் தட்டு, மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.

பிளாஸ்கைத் திறந்தாலே ஊசின எண்ணெய் நாற்றம். சோப்பு போட்டும் போகவில்லை. (நெல்லை)

காபி எண்ணெய்தான். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றுங்கள், பாதி நாற்றம் அதற்கு அடியில் இருக்கும். பிளாஸ்கில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். மூடி போடாதீர்கள். அழுத்தி ஊற்றும் வகை என்றால் அந்தச் சோடாத் தண்ணீரையே குழாய் வழியாக நாலைந்து தடவை அழுத்தி வெளியே எடுங்கள். காய்ந்த பிறகும் வளையத்தில் நாற்றம் இருந்தால் புது வளையம் வாங்க வேண்டியதுதான்.