ஸ்டார்ட் பட்டன் அழுத்தியும் மோட்டார் ஓடவில்லை என்றால் கை வைக்கலாமா?

சேலம் ஜவ்வரிசி ஆலையில் அப்ரண்டிஸ் நான். மெயினை ஆஃப் செய்து பூட்டிவிட்டேன், ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாலும் ஓடவில்லை. வேலையை ஆரம்பிக்கலாமா?

இன்னும் கூடாது தம்பி. எங்கள் கிழங்கு அரவை மெஷினில் ஒருமுறை சுவிட்ச் கைப்பிடி ஆஃபில்தான் நின்றது. உள்ளே நீல ஃபேஸ் பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. ஸ்டார்ட்டர் காயிலுக்குக் கரண்ட் சிவப்பு, மஞ்சள் ஃபேஸிலிருந்து வருவதால் பட்டன் செத்துக் கிடந்தது. ஆனால் ஸ்டார்ட்டரின் மேல் டெர்மினலில் நீலத்துக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வோல்ட்! பேனலில் ஃபியூஸைப் பிடுங்கி, அங்கே பூட்டிய பிறகுதான் தொட்டோம்.

மீட்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட்டரின் மேலும் கீழும், மூன்று ஃபேஸையும் ஒன்றுக்கொன்றும் எர்த்துடனும் சோதியுங்கள். முடித்ததும் மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வையுங்கள். நடுவில் மீட்டரே செத்திருக்கலாம். சாவி உங்கள் சட்டைப்பையில். அரவை டிரம் கனமானது, முழுசாக நிற்கும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.